ஒரு மாம்பழத்துக்கு ரசீது

ஜூன் மாதம் காரிமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலை மூட எனக்கு மனம் வராது. சாலையோரத்து மண்டிகளில் வைக்கோலுக்குள் பழுத்துக்கொண்டிருக்கும் மாம்பழத்தின் வாசனை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனை வந்ததும் 2009-ஆம் வருடத்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் கூடவே வந்துவிடும். திண்ணையில் ஒரு மரப்பெட்டி, மேலே சணல் கயிறு. கயிற்றின் ஒரு முனை அவிழ்ந்து கிடந்தது. அந்த அவிழ்ந்த முனைதான் முதலில் கண்ணில் பட்டது.

நான் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழ்துளைக் கிணறுகளுக்கு இருபத்துநான்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்க வேண்டியிருந்தது. எல்லாம் ஐந்து குதிரைத்திறன். அதற்கான டெண்டரில் விலை கவரைச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் திறந்திருந்தோம். கவர் திறப்பது மூடிய அறைக்குள் நடக்கும் காரியம் இல்லை. டெண்டர் போட்டவர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கவராகப் பிரித்து, ரேட்டை உரக்கப் படித்து, ஒவ்வொரு தாளிலும் அதிகாரி கையெழுத்துப் போடுவார். ஆகவே மத்தியானத்துக்குள் யார் குறைந்த விலை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆபீஸ் பேச்சில் அவருக்கு ‘எல் ஒன்’ என்று பெயர். இந்த முறை எல் ஒன், தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் பம்ப்செட் கடை வைத்திருந்த ஒருவர். கோயம்புத்தூர் கம்பெனி மோட்டாருக்கு டீலர். ஒரு மோட்டார் 27,900 ரூபாய் என்று போட்டிருந்தார்.

குறைந்த விலை அவருடையதுதான். ஆனால் அதுவும் கூடுதல் விலை. சேலத்திலும் கோயம்புத்தூரிலும் எங்கள் பொறியாளர் விசாரித்தபோது 25,500 சுற்றித்தான் சொன்னார்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. எல் ஒன் போட்ட விலை சந்தை விலைக்கு மேலே இருந்தால், அவரோடு மட்டும், விலையைக் குறைப்பதற்கு மட்டும் பேசலாம் என்பது அந்தச் சட்டம் காட்டும் வழி. இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டு ‘நீ எவ்வளவு குறைப்பாய்’ என்று கேட்கக் கூடாது. விலைப் பேச்சு வெள்ளிக்கிழமை என்று கடிதம் தட்டச்சாகி, வட்டார வளர்ச்சி அலுவலரின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் வந்தது அந்தப் பெட்டி.

“ஒரு பையன் டிவிஎஸ்ஸில வெச்சுக்கிட்டு வந்தான். சார் குடுக்கச் சொன்னாங்கன்னு சொன்னான். எந்த சாருன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டான்” என்றாள் என் மனைவி. பெட்டிக்குள் கடையின் விசிட்டிங் கார்டு ஒன்று செருகியிருந்தது. வைக்கோலுக்கு நடுவே மல்கோவா. ஒவ்வொன்றும் கை நிறையப் பிடிக்கிற பழம். பன்னிரண்டு வைக்கும் பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது. ஐந்து வயது மகள் கன்னமெல்லாம் சாறு வழிய முற்றத்தில் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வீடு தேடி வந்த பழத்தைத் திருப்பி அனுப்பறதாப்பா? அந்த மனுசன் என்ன நெனைப்பான்?”

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கொடுத்ததைத் திருப்பி அனுப்புவது சாதாரண விஷயம் இல்லை. நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். எங்கள் பெரியப்பா வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சமயம் பேச்சு நின்றிருந்தது. அப்போது பொங்கலுக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய ஒரு படி புளியை என் அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பிறகு ஒன்பது வருடம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாங்கள் போகவில்லை. தூக்கிக்கொண்டு வந்த சித்தப்பா மகன், அதே பாத்திரத்தோடு வெயிலில் திரும்பி நடந்து போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொருளைத் திருப்பினால் ஆளையே திருப்பியதாகத்தான் நம் ஊரில் எடுத்துக்கொள்வார்கள். அந்த டீலரோ மோசமான ஆள் இல்லை. முந்தின வருடம் நல்ல வெயிலில் ஒரு ஊரின் மோட்டார் எரிந்துபோனபோது, ராத்திரி எட்டு மணிக்கு மெக்கானிக்கை அனுப்பி வைத்தவர். மாம்பழக் காலத்தில் தெரிந்தவர்களுக்குப் பெட்டி அனுப்புவது அவருக்கு வழக்கமாகவும் இருந்திருக்கலாம்.

இருந்திருக்கலாம் என்றுதான் அந்த ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி மொத்தமும் 240 ரூபாய் இருக்கும். அதற்காக எந்த விலை மாறப்போகிறது? ஆனால் வெள்ளிக்கிழமை அவரை எதிரே உட்காரவைத்து ‘இரண்டாயிரம் குறையுங்கள்’ என்று நான் சொல்லும்போது, என் மகளின் கன்னத்தில் வழிந்த சாறு எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

காலையில் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு நேராக அலுவலகம் போனேன். எங்கள் பி.டி.ஓ. அப்போது ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர். மெல்லப் பேசுகிற மனிதர். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு வந்தது?” இரண்டாவது, “கொண்டு வந்தவன் வேற ஏதாவது சொன்னானா?” மூன்றாவது, “பிரிச்சாச்சா?”

ஒரு பழத்தைக் குழந்தை சாப்பிட்டுவிட்டதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. வரும் வழியில் மண்டியில் ஒரு மல்கோவா வாங்கி வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “அப்படி வெச்சிருந்தா நீ எழுதற கடுதாசி பொய்யாயிடும்ப்பா. பொய்யான கடுதாசி இல்லாம இருக்கறதே மேல். நடந்ததை எழுது” என்றார்.

அவர் அறையின் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. முருகன் படம் போட்டது. கீழே அதே பம்ப்செட் கடையின் பெயர். பொங்கலுக்கு முன்னால் எல்லா அலுவலகங்களுக்கும் கொடுத்தது. டெண்டர் விளம்பரம் வெளியான அன்று அவரே ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிவிட்டார். போட்டிக்கு வருகிற இன்னொருவர் இந்த அறைக்குள் வந்து உட்காரும்போது அவர் கண் எதிரே அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்றார். அவ்வளவு பார்க்க வேண்டுமா என்று அன்று நினைத்துக்கொண்டேன். காலண்டர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு வெளிறாமல் சதுரமாக ஒரு தடம் இருந்தது. பெட்டியோடு அவர் முன்னால் நின்ற அந்தக் காலையில் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். அலுவலகக் கடிதம் ஆயிரக்கணக்கில் எழுதியவன்தான். இதற்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: தங்கள் அன்புக்கு நன்றி, டெண்டர் நிலுவையில் இருப்பதால் இப்போதைக்கு இதைப் பெற்றுக்கொள்ள இயலாத நிலையில் இருக்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

பி.டி.ஓ. பேனாவை எடுத்து ‘இப்போதைக்கு’ என்ற ஒரு சொல்லை அடித்தார். “இதைப் படிச்சா அவருக்கு என்ன தோணும்? டெண்டர் முடியட்டும், அப்புறம் அனுப்புங்கன்னு நீ சொல்றாப்பல இருக்கு.” பிறகு ‘இயலாத நிலையில்’ என்பதையும் அடித்தார். யாரோ என்னைத் தடுக்கிற மாதிரியும், தடுக்காவிட்டால் வாங்கிக்கொள்வேன் என்கிற மாதிரியும் அது இருக்கிறது என்றார். மரியாதைக்காக நாம் வழக்கமாகச் சேர்க்கிற இந்த மெத்தென்ற சொற்கள்தான் இந்த மாதிரிக் கடிதத்தில் ஆபத்து. மறுப்பை அவை ஒத்திவைப்பாக மாற்றிவிடும். நன்றி என்ற சொல்லை அவர் தொடவில்லை. “அது இருக்கட்டும். அந்த ஆளை நாம குத்தவாளின்னு சொல்லலை. லஞ்சம், விதிமீறல்னு ஒரு வார்த்தையும் வேண்டாம். ரேட்டைப் பத்தியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பேச்சைப் பத்தியும் வேண்டாம்.”

விலையைப் பற்றி ஏன் எழுதக் கூடாது என்று கேட்டேன். பழத்தைத் திருப்பும் கடிதத்தில் விலை வந்தால், ‘பழம் போதவில்லை, விலையைக் குறை’ என்று ஒருவர் படிக்க இடம் இருக்கிறது என்றார். கடைசியில் நின்ற வாசகம் இதுதான்:

“தங்கள் கடையிலிருந்து 10.6.2009 மாலை சுமார் 5 மணிக்கு என் வீட்டில் ஒரு பெட்டி மாம்பழம் கொடுக்கப்பட்டது. நான் வீட்டில் இல்லை. தங்கள் அன்புக்கு நன்றி. டெண்டரில் பங்கேற்பவர்களிடமிருந்து நான் எதையும் பெற்றுக்கொள்வதில்லை. பெட்டியில் 12 பழங்கள் இருந்தன. விவரம் அறியாமல் ஒன்றை என் குழந்தை சாப்பிட்டுவிட்டது. மீதி 11 பழங்களையும், ஒரு பழத்தின் விலை ரூ.20-ஐயும் இத்துடன் அனுப்பியுள்ளேன். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமிட்டு அனுப்பவும்.”

தட்டச்சு செய்யும்போது எழுத்தர் ஒரு யோசனை சொன்னார். ஜூன் வெயிலில் பழம் கெட்டுப்போகும், பஸ்ஸில் நசுங்கும், பேசாமல் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று. அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. பி.டி.ஓ. ஒப்புக்கொள்ளவில்லை. நமக்குச் சொந்தமில்லாத பொருளைத் தானம் கொடுக்க நமக்கு உரிமை ஏது என்றார். தானம் கொடுத்தால் முதலில் வாங்கிக்கொண்டோம் என்று ஆகிவிடும். கொடுத்தவர் மனதில் பெட்டி போய்ச் சேர்ந்ததாகவே இருக்கும். அனுப்பியவர் யாரென்றே தெரியாமலோ, திருப்பிக் கொடுக்க முடியாத தூரத்திலோ இருந்தால் அந்த வழியை யோசிக்கலாம், அதையும் மேலதிகாரிக்கு எழுதிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இங்கே கடை பஸ்ஸில் அரைமணி நேரம்.

இன்னொன்றையும் அன்று சொன்னார். அவர் முன்பு வேலை பார்த்த வேறொரு மாவட்டத்து அலுவலகத்தில் நடந்ததாம். தீபாவளி சமயம், டெண்டர் ஒன்று நிலுவை. எல் ஒன் ஆள் அலுவலகம் முழுக்க ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். ஒருவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் மட்டும் பாக்ஸ் இறங்குவதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். ஆர்டர் போனதும் மேல்முறையீடு செய்தார். டெண்டர் ஏற்பு ஆணை கிடைத்த பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. விலை நியாயமானதுதான், பொருளும் நல்லதுதான். ஆனாலும் ஸ்வீட் பாக்ஸுக்குப் பதில் சொல்ல யாரிடமும் ஒரு தாள் இல்லை. டெண்டர் ரத்தாகி மறுடெண்டர் விட்டார்கள். “அதுல நஷ்டம் யாருக்குன்னு நெனைக்கற? நியாயமா ஜெயிச்ச அந்த ஆளுக்குத்தான். அவரோட ஸ்வீட்டே அவரோட ஆர்டரைத் தின்னுடுச்சு” என்றார்.

அதுவரை நான் பெட்டியைத் திருப்புவது என்னைக் காப்பாற்றிக்கொள்ள என்றுதான் நினைத்திருந்தேன். அந்த டீலருக்கும் அது காப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் விலை அவருடைய சொந்த பலத்தில் நின்றுகொண்டிருந்தது. பழப்பெட்டி என் வீட்டில் இருக்கும்வரை, அந்த விலையின் மேல் யார் வேண்டுமானாலும் சேறு பூசலாம்.

அந்த மோட்டார்கள் எங்கே போக வேண்டியவை என்பதும் எனக்குத் தெரியும். அப்போது ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை போர் தண்ணீர்தான். பல ஊர்களில் அதிலும் ஃப்ளோரைடு. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் கெடுதல் என்பது கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லில் தெரியும் பழுப்புக் கோடுகளுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. ஓரளவு நல்ல தண்ணீர் தரும் போர் ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். அதன் மோட்டார் நின்றால் பெண்கள் கெட்ட தண்ணீர் போருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். டெண்டர் ரத்து, மறுடெண்டர் என்றால் மறுபடி விளம்பரம், குறைந்தது பதினைந்து நாள் அவகாசம், மறுபடி கவர், மறுபடி பேச்சு. எப்படிப் போனாலும் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத் தண்ணீரும் அந்த மரப்பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலக உதவியாளரும் எழுத்தரும் பதினொரு மணி பஸ்ஸில் போனார்கள். இரண்டு பேர் போக வேண்டும் என்றார் பி.டி.ஓ. பஸ் டிக்கெட்டுக்கு நான் என் கையிலிருந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பேச்சு முடிந்த பிறகு திருப்பினால், விலை படியாத கோபத்தில் திருப்பினார்கள் என்று ஒரு கதை. ஆர்டர் கொடுத்த பிறகு திருப்பினால், வேறு எதையோ எதிர்பார்த்தார்கள் என்று இன்னொரு கதை. வந்த மறுநாளே போனால் எந்தக் கதைக்கும் இடமில்லை.

கடையில் நடந்ததை உதவியாளர் வந்து சொன்னார். டீலர் கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். முகம் சுண்டிவிட்டதாம். “என் தோட்டத்துப் பழம்ணா. காசு குடுத்து வாங்கினதுகூட இல்லை. இதைப் போய்த் திருப்பி அனுப்பிட்டாரே” என்றாராம். உதவியாளர் நல்ல பேச்சுக்காரர். “சாரு உங்க மேல வருத்தத்துல அனுப்பலைங்க. வேற யாராவது ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னுதான்” என்றிருக்கிறார். நகலில் கையெழுத்துப் போட்டு நேரமும் எழுதிக் கொடுத்தார் டீலர். பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். இருபது ரூபாயை மட்டும் தொட மாட்டேன் என்றார். குழந்தை சாப்பிட்டதற்குக் காசு வாங்கினால் என் வீட்டில் சோறு இறங்குமா என்று கேட்டாராம். உதவியாளரும் விடவில்லை. பணம் இல்லாமல் போனால் கடிதம் பாதிதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பேச்சு தொடங்குவதற்கு முன்பே, கையெழுத்தான அந்த நகல் டெண்டர் கோப்பில் சேர்ந்திருந்தது. பி.டி.ஓ. அதைப் பொறியாளருக்கும் கணக்கருக்கும் காட்டி, குறிப்புத் தாளில் இரண்டு வரி எழுதியிருந்தார். வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. முடிவு அறிவிக்கும்வரை பரிசீலனை விஷயங்கள் வெளியே போகக் கூடாது. மற்ற போட்டியாளர்களிடம் ‘பார்த்தீர்களா, திருப்பிவிட்டோம்’ என்று பெருமை பேசுவதும் அதில் சேர்த்திதான்.

டீலர் வந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்; கண் மட்டும் என் மேல் நிற்கவில்லை. பொறியாளர் சந்தை விலை விசாரித்த தாள்களை அவர் முன் வைத்தார். அவர் தன் கணக்கைச் சொன்னார்: கேபிள், லாரி வாடகை, பில் பாஸாக ஆகும் மாதங்கள். பில் தாமதம் பற்றி அவர் சொன்னது உண்மை. நான் அதை மறுக்கவில்லை. 27,000 என்றார். பிறகு 26,400. நான் 25,500-இல் நின்றேன். என் குரல் நடுங்காமல் இருந்தது எனக்கே ஆச்சரியம். முக்கால் மணி நேரம் கழித்து 25,800-க்கு எழுதிக் கொடுத்தார். ஒரு மோட்டாருக்கு 2,100 குறைந்தது. இருபத்துநான்குக்கு 50,400 ரூபாய். பெட்டி வீட்டில் இருந்திருந்தாலும் அதே விலைக்கு வந்திருப்பாரோ என்னவோ. அந்த முக்கால் மணி நேரமும் மோட்டாரைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசவில்லை, நினைக்கவும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அது உறுதி.

இரண்டாவதாக வந்தவர் அடுத்த வாரம் அலுவலகம் வந்து, “மாம்பழமெல்லாம் வந்துச்சாமே” என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பி.டி.ஓ., “ஆர்டர் போனதும் நீங்க எழுதிக் கேட்டா, கோப்புல இருக்கறதைக் காட்டறோம்” என்றார். அவர் எழுதிக் கேட்கவில்லை.

1973-ஆம் வருடத்து அரசு ஊழியர் நடத்தை விதிகள் எங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்தன. உறவுக்காரர், நெருங்கிய நண்பர் விசேஷத்துக்குக் கொடுப்பதற்கு அவற்றில் இடம் இருந்தது. நம் மேசையில் காரியம் உள்ளவருக்கு அந்த இடம் இல்லை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கொடுக்கிறவரையும் நேரடியாகக் குற்றவாளி ஆக்கினார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, கடிதத்தை இரண்டு தடவை படித்து முகம் சுண்டிய அந்த மனிதர்தான்.

அம்மா அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சந்தையிலிருந்து தன் முந்தானைக் காசில் ஆறு பழம் வாங்கி வந்து, பேத்திக்கு அரிந்து கொடுத்தாள். செந்தூராதான். மல்கோவா விலை கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன் என்றாள்.

ஓய்வுபெற்று வந்தபோது என் சொந்தக் காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். போன மாதம் அதைக் குடைந்தபோது மடித்த தாள் ஒன்று கிடைத்தது. அன்று உதவியாளர் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்திருந்தபோது, டீலர் வேறு வழியில்லாமல் கல்லாவில் இருபது ரூபாயைப் போட்டுவிட்டு, பில் புத்தகத்தை இழுத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தது. மேலே மோட்டார் படம், கம்பெனிப் பெயர், உத்தரவாத நிபந்தனைகள் அச்சடித்திருந்தன. கட்டங்களுக்குள் அவர் கையெழுத்து நிதானமாக ஓடியிருந்தது: மாம்பழம், எண்ணிக்கை 1, ரூ.20. கீழே, ‘பாப்பாவுக்கு’ என்று எழுதி, அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்.